முகரும் திறன் குறைந்த தாய்க்கு நறுமணப் பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு 78 வயது. வாழ்நாள் முழுவதும் சென்ட் பூசியவர். இப்போது "எதுவுமே மணக்கவில்லை" என்கிறார். இனி அவருக்கு வாசனைப் பொருள் வாங்கிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது. "எதுவுமே மணக்கவில்லை" என்று சொல்லும் முதியவர்களில் பலருக்கு முகர்திறன் முற்றிலும் போய்விட்டதில்லை; பல மணங்கள் மங்கி, சில மறைந்து, சில ஓரளவு எஞ்சியிருக்கும் நிலையையே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 1984ஆம் ஆண்டு வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் அமெரிக்க ஆய்வின்படி, 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், 80ஐக் கடந்தவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேலானோருக்கும் முகர்திறன் கணிசமாகக் குறைந்திருந்தது. எனவே உங்கள் தாயின் நிலை அரிதானதன்று.

மூக்கின் உட்கூரையில் உள்ள ஒரு சிறிய திசுப்பரப்பில்தான் மணத்தை உணரும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை வாழ்நாள் முழுவதும் அழிந்து அழிந்து புதிதாக உருவாகின்றன. வயது ஏற ஏற இந்தப் புதுப்பித்தல் தளர்கிறது. பரப்பின் சில பகுதிகளில் உணர்செல்கள் இல்லாத சாதாரண மூக்குச் சவ்வு இடம்பிடித்துக்கொள்கிறது. இந்த இழப்பு எல்லா மணங்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதுதான் பரிசு வாங்குபவருக்கு முக்கியமான செய்தி. எது எஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கும் பொருள், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், குருட்டுத் தேர்வாகவே அமையும்.

அப்படியானால் இருப்பதிலேயே வீரியமான சென்டாக வாங்கிவிட்டால் போதாதா?

போதாது, பெரும்பாலும் அதுவே தவறான வழி. காது மந்தமானவரிடம் கத்திப் பேசினால் ஓசை பெருகுமே தவிரச் சொற்கள் தெளிவாவதில்லை. மணமும் அப்படித்தான். மங்கிய மூக்குக்கு அடர்த்தியை ஏற்றினால், "ஏதோ ஒன்று மணக்கிறது" என்ற உணர்வு கூடலாம். அது ரோஜாவா, மல்லிகையா, சந்தனமா என்ற பிரித்தறிதல் திரும்பி வருவதில்லை. இதற்கிடையில் அதே அறையில் இருக்கும் மற்றவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்.

புட்டியில் எழுதியிருக்கும் அடர்த்தி வகைகளையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொலோன் எனப்படும் வகையில் நறுமணப் பொருள் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். பர்ஃபம் எனப்படும் வகையில் 20 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கலாம். அடர்த்தி கூடினால் மணம் நெடுநேரம் நிற்கும் என்பதே இதன் முதன்மையான பொருள். ஆனால் நெடுநேரம் நிற்பது உங்கள் தாய்க்கு அவ்வளவாகப் பயன்படாது. தொடர்ந்து இருக்கும் எந்த மணத்தையும் மூளை சில நிமிடங்களில் கவனிப்பதை விட்டுவிடுகிறது. இந்தப் பழகிப்போதல் முதியவர்களுக்கு எளிதில் ஏற்படுகிறது என்பதும், அதிலிருந்து மூக்கு மீள அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தவை. நாள் முழுவதும் உடலோடு ஒட்டியிருக்கும் கனமான மணம், பூசிய பத்தாவது நிமிடத்திலிருந்து அவருக்கு இல்லாததாகிவிடக்கூடும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறானது: அவ்வப்போது வந்து போகும் மணம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மூக்குக்கு அருகில், சில நிமிடங்கள் மட்டும் எழுந்து அடங்கும் மணமே மங்கிய மூக்குக்குப் புலப்படும். இந்தக் கணக்கில், சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது என்று பலர் குறை சொல்லும் மலிவான கொலோன், விலை உயர்ந்த பர்ஃபத்தை விடச் சிறந்த பரிசாகிவிடுகிறது.

அவருக்கு எந்த மணம் இன்னும் தெரிகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய முறையைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். அந்த முறையில், ஆல்கஹால் நனைத்த சிறு பஞ்சுத்தாளை மூக்குக்குக் கீழே 30 செ.மீ. தொலைவில் பிடித்து, ஒவ்வொரு மூச்சுக்கும் 1 செ.மீ. வீதம் மேலே கொண்டுவந்து, எந்தத் தொலைவில் முதன்முதலாக மணம் தெரிகிறது என்று அளப்பார்கள். நாம் ஆல்கஹாலுக்குப் பதிலாகப் பரிசுக்கு எண்ணியிருக்கும் பொருள்களையே வைத்துக்கொள்ளலாம். இது நோயைக் கண்டறியும் சோதனையாகாது. நான்கு பொருள்களில் எது அவருக்கு முந்தித் தெரிகிறது என்று ஒப்பிடுவதற்கு மட்டுமே இது பயன்படும்.

தடித்த வெள்ளைக் காகிதத்தை விரல் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ஒரு பொருளைத் தடவுங்கள். ஒரு பட்டையை மட்டும் எதுவும் தடவாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். தாய் கண்களை மூடி, வாயையும் மூடி, இயல்பாக மூச்சு விடட்டும். அளவுகோலை மூக்கிலிருந்து கீழ்நோக்கிப் பிடித்துப் பட்டையை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். "தெரிகிறது" என்று அவர் சொன்ன தொலைவைக் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடமாவது இடைவெளி விட்டு அடுத்த பட்டைக்குச் செல்லுங்கள். எல்லாவற்றையும் வேறு வரிசையில் இன்னொரு முறை செய்யுங்கள். சோதிப்பவர் அன்று சென்ட் பூசியிருக்கக் கூடாது. கைகளை மணமற்ற சோப்பினால் கழுவியிருக்க வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் இதைச் செய்வது வீண்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. ஸ்ப்ரே வகைச் சென்டுகளில் பெரும்பகுதி ஆல்கஹால். தெளித்த உடனே பட்டையை நீட்டினால், அந்த ஆல்கஹாலின் எரிச்சலை உணர்ந்தே "தெரிகிறது" என்று சொல்லிவிடுவார். கடைகளில் "ஆகா, இது நன்றாகத் தெரிகிறதே" என்று வாங்கிய சென்ட் வீட்டில் மணக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். தெளித்தபின் ஒரு நிமிடமாவது காத்திருந்து, பட்டை உலர்ந்த பிறகே நீட்ட வேண்டும்.

எண்களை வைத்து எப்படி முடிவெடுப்பது? ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

கற்பனையாக ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவர் நெடுங்காலமாகப் பூசிவரும் பூமணச் சென்ட், எலுமிச்சைக் கொலோன், லாவெண்டர் கைக்கிரீம், புதினா எண்ணெய் கலந்த கால்கிரீம் ஆகிய நான்கும் வெற்றுப் பட்டையும் சோதிக்கப்படுகின்றன. பூமணச் சென்ட் முதல்முறை 3 செ.மீ. தொலைவிலும் இரண்டாம் முறை 2 செ.மீ. தொலைவிலும் தெரிகிறது. கொலோன் இரு முறையும் 8 செ.மீ. அளவில். கைக்கிரீம் 5, 6. புதினாக் கிரீம் 14, 13. வெற்றுப் பட்டைக்கு முதல்முறை "இல்லை" என்கிறார். இரண்டாம் முறை 2 செ.மீ. தொலைவில் "லேசாகத் தெரிகிறது" என்கிறார்.

அந்த வெற்றுப் பட்டை இப்போது தன் வேலையைச் செய்துவிட்டது. எதுவுமே தடவாத காகிதம் 2 செ.மீ. தொலைவில் "தெரிந்தது" என்றால், அதே அளவில் கிடைத்த பூமணச் சென்டின் விடையையும் நம்ப முடியாது. அன்பின் காரணமாகவோ, சோதனையில் தோற்றுவிடக் கூடாது என்ற எண்ணத்தினாலோ முதியவர்கள் ஊகித்துச் சொல்வது மிக இயல்பு. எனவே அவர் அதிகம் நேசித்த அந்தச் சென்ட் முதலில் பட்டியலிலிருந்து நீங்குகிறது. இது வருத்தமான முடிவுதான், ஆனாலும் தெளிவானது.

புதினா எல்லாவற்றையும் விடத் தொலைவிலிருந்தே தெரிந்ததால் அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அது என்னவென்று கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுத் தாய், "என்னவோ சில்லென்று ஏறுகிறது" என்கிறார். புதினா என்று சொல்லவில்லை. அவர் உணர்ந்தது மணத்தை அன்று, குளிர்ச்சியை. கொலோனுக்கோ, "எலுமிச்சை மாதிரி ஏதோ" என்று சொல்லி மீண்டும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். லாவெண்டரைப் பெயர் சொல்லத் தெரியவில்லை என்றாலும் "இது நன்றாக இருக்கிறது" என்றார்.

நான் இவருக்கு எலுமிச்சைக் கொலோனை முதற்பரிசாகவும், லாவெண்டர் கைக்கிரீமை உடன் சேர்க்கத் தக்கதாகவும் தேர்ந்தெடுப்பேன். தொலைவு எண் தேர்வின் பாதிதான். மீண்டும் முகர வேண்டும் என்ற விருப்பம் எழுந்ததா என்பதே மறுபாதி. இரண்டு பொருள்களுக்கிடையே 2 செ.மீ. வேறுபாடு மட்டுமே இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல், அவர் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

புதினா, யூகலிப்டஸ் போன்றவை எல்லா முதியவர்களுக்கும் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மூக்கினுள் இரண்டு தனித்தனி உணர்வு வழிகள் இருக்கின்றன. ஒன்று மணத்துக்கான நரம்பு. மற்றொன்று முகத்தின் தொடுஉணர்வு, சூடு, குளிர், எரிச்சல் ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பு. புதினாவில் உள்ள மெந்தால், உண்மையில் குளிர்ந்த காற்றை உணர்வதற்கென்று அமைந்த ஏற்பியையே தூண்டுகிறது. யூகலிப்டஸ், கற்பூரம் ஆகியவையும் இந்த வழியைத் தொடுபவை. முதுமையில் இந்த வழியும் சற்று மங்கினாலும், மணவழி அளவுக்குப் பொதுவாக மங்குவதில்லை.

இதைப் பரிசுத் தேர்வில் அளவோடு பயன்படுத்தலாம். எலுமிச்சையோடு சிறிது புதினா கலந்த கொலோன், மணம் மட்டுமே உள்ளதை விட அவருக்கு "உயிரோட்டமாக" இருக்கும். ஆனால் மெந்தாலை மட்டுமே நம்பி வாங்கினால், அது தைலம் பூசிய உணர்வைத் தந்துவிடும். தைலத்தை யாரும் அழகுப் பரிசாக எண்ணி மகிழ்வதில்லை. ஆஸ்துமாவோ வேறு நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு இவை மூச்சுக்குழாயைத் தூண்டி இருமலை வரவழைக்கக்கூடும். கற்பூர எண்ணெயும் யூகலிப்டஸ் எண்ணெயும் விழுங்கினால் நஞ்சாகும். பார்வை மங்கிய, மறதி உள்ள ஒருவரின் மருந்துப் புட்டிகளுக்கு அருகில் இவற்றை வைக்கவே கூடாது.

நாற்பது ஆண்டுகளாக ஒரே சென்டைத்தான் பூசுகிறார். "இப்போதெல்லாம் அதை மாற்றிவிட்டார்கள், பழைய மணம் இல்லை" என்கிறார். அதையே வாங்குவதா, புதிதாகத் தேடுவதா?

அவர் சொல்வதை முதுமையின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். சென்ட் உண்மையிலேயே மாறியிருக்கலாம். ஒவ்வாமை முதலிய காரணங்களால் பல மூலப்பொருள்கள் அண்மை ஆண்டுகளில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. எடுத்துக்காட்டாக, பூமணச் சென்டுகளிலும் சோப்புகளிலும் மிகப் பரவலாகப் பயன்பட்ட லிலியால் என்ற பொருள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு லைரால் என்ற மற்றொரு பொருளும், ஓக் மரப்பாசிச் சாற்றில் உள்ள ஒவ்வாமைக் கூறுகளும் அங்கே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. பெயரும் புட்டியும் அப்படியே இருக்க, உள்ளே கலவை மாறியிருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

அதே வேளையில் மூக்கும் மாறியிருக்கலாம். ஒரு சென்டில் பல பத்து மணப்பொருள்கள் கலந்திருக்கும்; அவற்றில் சில மட்டும் அவருக்குத் தெரியாமல் போனால், எஞ்சியவை சேர்ந்து வேறொரு மணமாகத் தோன்றும். சர்க்கரை போன்ற இனிப்பு மட்டும் தெரிகிறது, அல்லது கசப்பு மட்டும் தெரிகிறது என்று அவர் சொன்னால் பெரும்பாலும் இதுதான் நிகழ்ந்திருக்கிறது. அந்தச் சென்டை நெடுநாளாக அறிந்த, முகர்திறன் நன்றாக உள்ள வேறொரு குடும்பத்தினரிடம் புதிய புட்டியை முகரக் கொடுத்தால் விடை ஓரளவு தெளிவாகும். பழைய புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து ஒப்பிடுவது நம்பத்தக்க வழியன்று. பாதி காலியான புட்டியில் காற்றுப்பட்டு மணம் கெட்டிருக்கும்.

மூக்குதான் காரணம் என்றால், அதே சென்டை வாங்கிக் கொடுப்பது ஒவ்வொரு நாளும் இழப்பை நினைவூட்டும் பரிசாகிவிடும். அவர் விரும்பிய சென்டில் முன்னிற்கும் ஒரே ஒரு மணத்தைத் தனியாகத் தேடுங்கள். பல மணங்கள் பின்னிய கலவையை விட, ரோஜா மட்டும், லாவெண்டர் மட்டும், எலுமிச்சை மட்டும் என்ற எளிய மணமே மங்கிய மூக்குக்குப் பிடிபடும். பெயரைச் சொல்லிக் கொடுப்பதும் உதவும்: மணத்தின் பெயர் தெரிந்தால் அடையாளம் காணும் திறன் எந்த வயதினருக்கும் கூடுகிறது. புட்டியின்மேல் "ரோஜா" என்று பெரிய எழுத்தில் ஒட்டி, பூவின் படத்தையும் சேர்த்தால், அது அலங்காரம் மட்டுமாக இராது. அவர் மூளைக்குக் கிடைக்கும் உதவியாகவும் இருக்கும்.

சென்டாகவே கொடுக்க வேண்டுமா? சோப்பு, கிரீம் போன்றவை எப்படி?

பல நேரங்களில் அவையே மேல். கைக்கிரீமைத் தேய்க்கும்போது உள்ளங்கைச் சூட்டில் மணம் எழுகிறது. கைகள் இயல்பாகவே முகத்துக்கு அருகில் வருகின்றன. தேய்க்கும் தொடுஉணர்வும் உடன் சேர்கிறது. சிறிது நேரத்தில் மணம் அடங்கி, அடுத்த முறை பூசும்போது மீண்டும் புதிதாகத் தெரிகிறது. வந்து போகும் மணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. சோப்பும் நல்லதே. குளிக்கும்போது வெந்நீரின் ஈரக்காற்று மூக்கின் வறட்சியைச் சற்றுத் தணிப்பதால், அப்போது மணம் கூடுதலாகத் தெரிவதாகப் பலர் சொல்கிறார்கள்.

முதியவர்களின் தோல் மெலிந்தும் வறண்டும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆல்கஹால் மிகுந்த கொலோனை நேரடியாகத் தோலில் தெளிப்பதை விடப் பருத்திக் கைக்குட்டையில் இரண்டு முறை தெளித்து, வேண்டும்போது முகர்வது நல்லது. எலுமிச்சை, பெர்கமாட் போன்றவற்றின் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தழும்பும் கருமையும் ஏற்படலாம். கைக்குட்டை அந்தக் கவலையையும் போக்கிவிடுகிறது. நறுமண எண்ணெயை நீங்களே மணமற்ற கிரீமிலோ எண்ணெயிலோ கலப்பதானால், 30 மி.லி. அளவுக்கு 6 சொட்டு என்ற வரம்புக்குள், அதாவது ஏறத்தாழ 1 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வாசனை மெழுகுவர்த்தி, டிஃப்யூசர்?

மெழுகுவர்த்தி வேண்டாம். புகையின் மணம் தெரியாதவரின் அறையில் எரியும் திரியை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவராக இருந்தால் அது பேராபத்து. நாள் முழுவதும் மணத்தைப் பரப்பும் டிஃப்யூசர், மேலே சொன்ன பழகிப்போதலால் அவருக்குப் பயனற்றது. குறித்த நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் இயங்கி நிற்கும் வகை இருந்தால் பரவாயில்லை.

பரிசோடு வேறொன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டால், புகை எச்சரிக்கைக் கருவியையும், சமையல் எரிவாயு பயன்படுத்தும் வீடானால் எரிவாயுக் கசிவுக் கருவியையும் சொல்வேன். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எரிவாயுவில் கலக்கப்படும் துர்நாற்றம்கூட அவருக்குத் தெரியாமல் போகலாம்.

தெரியவில்லை என்று அளவுக்கு மீறிப் பூசிக்கொள்கிறார். சொன்னால் வருந்துகிறார். என்ன செய்வது?

"அதிகமாக மணக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வதை விட, பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே அளவைக் கட்டுப்படுத்திவிடுவது கண்ணியமானது. ஊற்றிப் பூசும் புட்டியைத் தவிர்த்து ஸ்ப்ரே வகையை வாங்குங்கள். ஒரு முறை அழுத்தினால் ஏறத்தாழ 0.1 மி.லி. மட்டுமே வெளிவரும். "காலையில் இரண்டு அழுத்து" என்று எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டால் மூக்கை நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருக்காது. கனமான கஸ்தூரி, அம்பர் வகைகளைத் தவிர்த்து விரைவில் ஆவியாகும் எலுமிச்சை வகையைக் கொடுத்தால், இரண்டுக்குப் பதில் ஐந்து முறை அழுத்தினாலும் அரை மணி நேரத்தில் பெரிதும் தணிந்துவிடும். செயற்கைக் கஸ்தூரி வகைகளில் சில, முகர்திறன் நன்றாக உள்ள பலருக்கே தெரிவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். அவற்றை முதியவருக்குப் பரிசளிப்பது இரட்டைச் சூதாட்டம்.

எந்த மணத்தைக் கொடுத்தாலும் "கருகிய நாற்றம்" என்கிறார். அப்போதும் ஏதாவது பொருந்துமா?

இது மங்கல் அன்று, திரிபு. குறிப்பாக வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, நல்ல மணங்களும் கருகியதாகவோ அழுகியதாகவோ தோன்றலாம். காபி போன்ற வறுத்த பொருள்களின் மணம் இதில் அடிக்கடி அகப்படும். இந்தக் காலத்தில் எந்த வாசனைப் பரிசும் வேண்டாம். இப்போது கொடுக்கும் மணம் அருவருப்போடு இணைந்துவிட்டால், திரிபு சரியான பிறகும் அந்த வெறுப்பு நீடிக்கலாம். மணமற்ற நல்ல கிரீம் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சில மாதங்கள் பொறுத்திருங்கள்.

மணப் பயிற்சிக்கான புட்டிகளைப் பரிசாகக் கொடுக்கலாமா?

அவருக்கு ஆர்வம் இருந்தால் கொடுக்கலாம். 2009ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் முகரும் பயிற்சி 12 வாரங்கள் தரப்பட்டது. ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 10 வினாடி கவனத்தோடு முகர்வது வழக்கம். பயிற்சி செய்தவர்களில் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. முதுமையால் வந்த மங்கலில் கிடைக்கும் பயன் பெரும்பாலும் சிறிது. எனவே "இதனால் சரியாகிவிடும்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பிறந்தநாளன்று மருத்துவக் கருவி போன்ற பெட்டியைத் திறப்பதில் மகிழ்ச்சி இருக்காது. அதைச் சாதாரண நாளில் கொடுப்பதே பொருத்தம்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை எது?

ஆண்டுக்கணக்கில் மெல்ல மங்கியது முதுமையாக இருக்கலாம். சில நாள்களிலோ வாரங்களிலோ திடீரென மறைந்தாலும், ஒரு நாசியில் மட்டும் தெரியாவிட்டாலும், தலையில் அடிபட்ட பிறகு தொடங்கினாலும், மூக்கடைப்போ இரத்தக் கசிவோ உடன் இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூக்கில் வளரும் சதை போன்றவற்றால் வந்த இழப்புக்குச் சிகிச்சை உண்டு. முகர்திறன் இழப்போடு கைநடுக்கம், நடை தளர்தல், மறதி ஆகியவையும் புதிதாகத் தோன்றியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் முகர்திறன் குறைவது முன்கூட்டியே தென்படும் அறிகுறிகளுள் ஒன்று. ஆனால் முகர்திறன் குறைந்த பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய்கள் இல்லை என்பதால், இதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை.

தேர்ந்தெடுத்துவிட்டோம். எவ்வளவு பெரிய புட்டி வாங்குவது?

சிறியதையே வாங்குங்கள். 30 மி.லி. புட்டியில் ஏறத்தாழ 300 அழுத்துகள் இருக்கும். நாளுக்கு மூன்று என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வரும். எலுமிச்சை வகை மணங்கள் காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் கெடும்; கெட்ட எண்ணெய் தோலில் ஒவ்வாமையையும் கூட்டும். கெட்டுவிட்டதை உங்கள் தாயால் முகர்ந்து அறிய முடியாது என்பதால், புட்டியைத் திறந்த நாளை அடியில் எழுதி ஒட்டிவிட்டு, நீங்கள் வரும்போதெல்லாம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். குளியலறையில் வைக்காமல் வெளிச்சம் படாத இழுப்பறையில் வைக்கச் சொல்லுங்கள். விரல் மூட்டு வலி உள்ளவரானால், வாங்கும் முன் மூடியை நீங்களே ஒரு கையால் திறந்து, ஸ்ப்ரேயை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். உங்களுக்கே இறுக்கமாக இருந்தால் அவரால் இயலாது. அது தீரும் தறுவாயில் காகிதப் பட்டைச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்துவிட்டு, அதே மணத்தை வாங்குவதா வேறொன்றா என்று முடிவெடுக்கலாம்.